வார்டு சிங்க்கில் தண்ணீர் வேண்டும்

மருத்துவமனை நிர்வாகத்துக்கும் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர்களுக்கும், தொற்றுத் தடுப்புச் செவிலியரின் வணக்கம்.

ஆண்கள் வார்டில் வயிற்றுப்போக்கு பரவிய கதை உங்களுக்குத் தெரியும். காரணம் சி. டிஃபிசில் கிருமி என்று லேப் சொன்னதும் சுற்றறிக்கை வந்தது, எல்லோரும் கையெழுத்தும் போட்டோம். அதில் உள்ளபடி கை கழுவ வார்டு சிங்க்கில் தண்ணீர் வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

முதலில் ஏழாம் படுக்கைப் பெரியவர். நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தது. அது குடலின் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்ததில் சி. டிஃபிசில் பெருகிவிட்டது. அடுத்து எட்டாம் படுக்கை, அப்புறம் எதிர் வரிசையில் ஒருவர். அப்போது மூவருக்கும் ஒரே பி.பி. கஃப்தான் கட்டியிருந்தோம். அந்த வாரம் ஹேண்ட் ரப் பாட்டில்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாயின. யாரும் அலட்சியமாக இல்லை. ஆனால் இந்தக் கிருமி ஸ்போராக மாறி உட்கார்ந்துகொள்ளும், ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது. சோப்பும் அதைக் கொல்வதில்லை. நன்றாகத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் அலசினால்தான் கையை விட்டுப் போகும். அதற்கு 40 முதல் 60 விநாடி ஆகும்.

எங்கள் சிங்க்கில் காலை பத்து மணிக்கே குழாய் நின்றுவிடுகிறது. பிறகு பக்கெட்டும் மக்கும்தான். பெட்பேன் எடுத்த கையோடு ஒரு சகோதரி மக்கின் கைப்பிடியைப் பிடிக்கிறார். கழுவி முடித்து, அதே கைப்பிடியைப் பிடித்து மக்கைத் திரும்ப வைக்கிறார். கழுவிய கை மறுபடி அழுக்காகிறது. அடுத்து வருபவரும் அதையேதான் பிடிக்கிறார். கையுறை போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். கழற்றும்போதே கையில் ஒட்டிவிடும். கழற்றிய பிறகும் கழுவத்தான் வேண்டும்.

மற்றதையெல்லாம் செய்துவிட்டோம். மூவரையும் கடைசி அறைக்கு மாற்றி, தனிக் கழிப்பறை, தனிக் கஃப், தனி ஸ்டெதஸ்கோப் கொடுத்திருக்கிறோம். 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, தினமும் புதிதாகக் கலந்து துடைக்கிறோம். போக்கு நின்று 48 மணி நேரமாவது ஆகாமல் யாரையும் பொது வார்டுக்கு மாற்றுவதில்லை. மருத்துவர்கள் அந்த அறையை ரவுண்ட்ஸில் கடைசியாகப் பார்த்து, வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எங்கே கழுவுவார்கள்?

வேலூர்க் கோடையும் பாலாற்றின் நிலைமையும் எனக்கும் தெரியும். ஆனால் அலுவலக மாடியில் மாலை வரை குழாயில் தண்ணீர் வருகிறது. மே 5 கை சுகாதார நாளுக்குப் பேனர் கட்டிப் படம் எடுத்தோம். அந்தப் பணத்தில் முழங்கையால் திறக்கும் குழாய் ஒன்று வாங்கியிருக்கலாம். பரவல் என்றதும் முதல் மெமோ செவிலியருக்குத்தான் வருகிறது, பிளம்பருக்கு ஒரு கடிதமும் போவதில்லை.

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வார்டு சிங்க்குக்கு இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வரத் தனி லைன் கொடுங்கள். அது வரும்வரை, குழாய் பொருத்திய டிரம் ஒன்றை ஸ்டாண்டில் ஏற்றி சிங்க்கருகே வைத்து, ஷிஃப்டுக்கு ஒருமுறை நிரப்ப ஆளை நியமிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.