வாழைக்குக் குலையா, தாரா, சீப்பா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பகுதியில் சென்ற வாரம் வந்த தொகுதிப்பெயர்ப் பயிற்சியை என் பேத்தியுடன் அமர்ந்து செய்து பார்த்தேன். ‘வாழை’ என்ற சொல்லுக்கு எதிரே இருந்த கோட்டில் அவள் ‘சீப்பு’ என்று எழுதினாள். விடைப்பட்டியலில் ‘குலை’ என்று மட்டும் இருந்ததைக் கண்டதும், தான் எழுதியதை அழிப்பானால் அழித்துவிட்டாள். அவள் அழித்தது தவறான விடை அன்று என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஜார்ஜ்டவுனில் பல ஆண்டுகள் பழக்கடை நடத்திய குடும்பம் எங்களுடையது. விடியற்காலையில் லாரியிலிருந்து இறங்குவது தார். அதைத் தண்டோடு கயிற்றில் கட்டி, கடை முகப்பில் தொங்கவிடுவோம். வாங்க வருகிறவர் கேட்பதோ சீப்பு. தண்டை ஒட்டிக் கத்தியால் கீறினால், ஒரு வரிசைப் பழம் தன் அடிக்காம்போடு அப்படியே கைக்கு வரும். காய்கள் பற்களைப் போல ஒட்டி நிற்பதால் தலைவாரும் சீப்பின் பெயரையே அதற்கும் வைத்திருக்கிறோம். மலாய்க்காரர்களும் இதே கண்ணோடுதான் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் ‘சிசிர்’ என்றால் தலைவாரும் சீப்பு, ‘செசிசிர் பீசாங்’ என்றால் ஒரு சீப்பு வாழைப்பழம். முழுத் தாருக்கு ‘தண்டான்’ என்று வேறு சொல் இருக்கிறது. முழுமைக்கு ஒரு சொல், அதிலிருந்து பிரித்த பகுதிக்கு ஒரு சொல் என்று இரு மொழிகளிலும் இருக்கையில், ‘வாழை’ என்று மட்டும் கொடுத்துவிட்டு ஒரே விடையை எதிர்பார்ப்பது வினாவின் குறையே தவிர, பிள்ளையின் குறை அன்று.

குலையா, தாரா என்ற கேள்வியும் வீடுகளில் எழுவதுண்டு. இரண்டும் சரியே. திருச்சி, தேனிப் பக்கத்தவர் தார் என்பார்கள். குமரி மாவட்டத்தவரும் யாழ்ப்பாணத்தவரும் குலை என்பார்கள். தார் என்று சொல்லும் வீட்டிலும் மரம் ‘குலை தள்ளியது’ என்று சொல்வார்கள். திருமண மண்டப வாசலில் கட்டுவதும் குலைவாழைதான். நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களிலும் தொழிலாளர்கள் வெட்டி இறக்குவதைக் குலை என்றே சொல்கிறோம்.

ஆனால், அதே பக்கத்துச் சிறுகதையில் வந்த ‘ஒரு கொத்து வாழைப்பழங்கள்’ என்ற தொடரை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் சாவிக்கும் பூவுக்கும் வாழைக்கும் ‘பஞ்ச்’ என்ற ஒரே சொல் வருவதால், தமிழிலும் எல்லாவற்றுக்கும் கொத்து என்று எழுதிவிடுகிறார்கள். சிறியவை பல ஓரிடத்தில் கூடி நின்றால் அது கொத்து. சாவிக்கொத்து, பூங்கொத்து, மாங்கொத்து என்பவை அப்படி வந்தவை. வாழைக்காயோ நீண்ட தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக, தன் கனத்தால் கீழ்நோக்கித் தொங்குவது. திராட்சை இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால்தான் அதைக் கொத்து என்றும் குலை என்றும் சொல்லக் கேட்கிறோம்.

அத்தொடரில் ‘பழங்கள்’ என்ற பன்மையும் தேவையற்றது. அளவுச்சொல் முன்னால் வந்துவிட்டால் ‘ஒரு சீப்புப் பழம்’, ‘இரண்டு கட்டுக் கீரை’ என்று ஒருமையில் சொல்வதே நம் பேச்சின் இயல்பு. சந்தையில் எவரும் இரண்டு கட்டுக் கீரைகள் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது செய்திப் பக்கங்களைப் பற்றியது. தைப்பூசத்தின்போது ‘பக்தர்கள் கூட்டம் தண்ணீர்மலையை நோக்கிச் சென்றனர்’ என்ற வகையிலான வாக்கியங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அங்கே எழுவாய் கூட்டம், பக்தர்கள் அல்லர். ஆகவே ‘கூட்டம் சென்றது’ என்று முடிய வேண்டும். பன்மைதான் வேண்டுமென்றால் ‘பக்தர்கள் கூட்டமாகச் சென்றனர்’ என்று மாற்றிக்கொள்ளலாம். ‘மாட்டு மந்தை சாலையைக் கடந்தது’ என்பதும் ‘மாடுகள் மந்தையாகச் சாலையைக் கடந்தன’ என்பதும் இப்படித்தான். தொகுதிப்பெயர் தொடரின் கடைசியில் நின்றால் வினைமுற்று அதற்கு இணங்க வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் வைத்தால், எழுதும்போது தடுமாற்றம் வராது.

அடுத்த இதழில் அந்த விடையை ‘குலை அல்லது தார்; பிரித்தெடுத்த வரிசை சீப்பு’ என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன். பேத்தி தன் பயிற்சித்தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.