ஆயிரம் குச்சிக்கு எத்தனை மணி நேரம்?

தொழில் ஆணையாளர் நாயகம் அவர்களுக்கும், மட்டக்களப்பு மாவட்டத்தில் தொழில் விடயங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களுக்கும்,

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

படுவான்கரையில் வீட்டு விறாந்தையில் இருந்து ஊதுபத்தி சுற்றும் பெண்களில் ஒருத்தி நான். ஒன்பது வருடமாகச் சுற்றுகிறேன். எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியாதது அல்ல. கணக்கெடுப்பு என்று வந்தவர்களுக்கு எத்தனை படிவம் நிரப்பிக் கொடுத்தோம் என்பது எங்களுக்கே மறந்துவிட்டது. ஆகவே பின்னணியை விட்டுவிட்டு, கடந்த மார்கழியில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

மழை விடாமல் பெய்த வாரம் அது. எங்களுக்குத் தூளும் ஈர்க்கும் தந்து, சுற்றிய குச்சியை வாங்கிப் போகும் முகவரின் வண்டி வியாழக்கிழமை வர வேண்டியது. வீதியில் தண்ணீர் நின்றதால் வரவில்லை. நானும் அடுத்த வீட்டு அக்காவும் சுற்றி, காய வைத்து, எண்ணிக் கட்டிய நாலாயிரம் குச்சிகள் வீட்டுக்குள் காத்திருந்தன. வண்டி வந்தபோது ஒன்பது நாள் கடந்திருந்தது. முகவர் ஒரு கட்டைப் பிரித்து மூக்கருகே பிடித்தார், இன்னொன்றைப் பிரித்தார், “பூஞ்சணம் பிடித்துவிட்டது” என்றார். நாலாயிரத்துக்கும் காசு இல்லை. அதற்குப் போன மாவின் விலை என்று ஒரு தொகையை அடுத்த கணக்கில் வெட்டினார். குச்சிகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாரா என்றால் அதுவும் இல்லை. ஊற வைத்துப் பசையைக் கழற்றி மறுபடி குழைக்கலாம் என்று சாக்கில் போட்டு ஏற்றிக்கொண்டு போனார். காசு கொடுக்காத சரக்கையும் கொண்டுபோனவரிடம் வாய் திறக்க நாங்கள் துணியவில்லை, அடுத்த வாரம் ஈர்க்கு தராமல் விட்டுவிடுவாரே என்ற பயம்.

இந்தப் பூஞ்சணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் மேசைக்கு வரும் ஊதுபத்தியில் வாசனை இருக்கும். எங்கள் கையிலிருந்து போகும் குச்சியில் அது இருக்காது. கரித்தூள், மரத்தூள், ஒட்டுவதற்கான பட்டைத்தூள், தண்ணீர், மூங்கில் ஈர்க்கு, இவ்வளவுதான். வாசனை எண்ணெயில் தோய்ப்பது அவர்களுடைய இடத்தில். ஆகவே எங்கள் பொறுப்பு முழுவதும் குச்சியின் கனத்திலும் காய்ச்சலிலும் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த குச்சியை வளைத்தால் டிக் என்று ஒடியும். காயாதது வளையும், பசை மட்டும் வெடிக்கும். வெயில் காலத்தில் படங்கில் பரப்பி, புரட்டிப் போட்டால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். மாரியில் அப்படி இல்லை. கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்கு மேலே, பிள்ளையின் புத்தகம் இருக்கும் மேசையில் எல்லாம் சாக்கை விரித்துப் பரப்புகிறோம். அவசரப்பட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், இரண்டு நாளில் பசை ஈர்க்கிலிருந்து உரிந்து விழும். காய்ந்ததையும் கட்டி வைத்தால் காற்றின் ஈரத்தை மறுபடி குடிக்கிறது. இறப்பர் பட்டி போட்ட நடு இடத்தில்தான் முதலில் வெள்ளை நூல் போல ஓடும், அங்கே காற்று போகாது. எனவே ஒன்பது நாள் கட்டி வைத்த குச்சியில் பூஞ்சணம் வந்தது சுற்றியவளின் பிழை அல்ல. வண்டி ஒன்பது நாள் வராததன் விளைவு அது. நட்டம் மட்டும் சுற்றியவளுக்கு.

இனிக் கூலிக்கு வருகிறேன். எனக்கு ஆயிரம் குச்சிக்கு 160 ரூபா தருகிறார்கள். ஆயிரம் என்பது அவர்கள் வாயில் ஆயிரம், எங்கள் கையில் ஆயிரத்து ஐம்பது. உடைவுக்கு ஐம்பது கூடப் போட வேண்டும் என்பது எப்போதோ யாரோ வைத்த வழக்கம். அந்த நட்டத்துக்குப் பிறகு நான் ஒரு கொப்பியும் மகளின் பழைய கைக்கடிகாரமும் வைத்துக்கொண்டு, மழை விட்ட மூன்று நாட்கள் என் வேலையை நிமிடம் நிமிடமாக எழுதினேன். அந்த மூன்று நாட்களில் நான் முடித்தது ஆறு ‘ஆயிரம்’, அதாவது 6,300 குச்சி.

தண்ணீர் எடுத்து, தூளைச் சலித்து, மாவு குழைத்ததற்கு 2 மணி நேரம். பலகையில் சுற்றியதற்கு 11 மணி 30 நிமிடம். பரப்பிப் புரட்டி, தூறல் விழுந்தபோதெல்லாம் அள்ளி உள்ளே போட்டு மறுபடி பரப்பியதற்கு 2 மணி 30 நிமிடம். கோணலானதைப் பொறுக்கி ஒதுக்கி, எண்ணி, கட்டியதற்கு 3 மணி. மொத்தம் 19 மணி நேரம். கிடைத்தது 960 ரூபா. மணிக்கு ஐம்பது ரூபாவை ஒட்டி வருகிறது.

2026 தை முதலாம் திகதியிலிருந்து இந்த நாட்டில் ஆகக் குறைந்த நாட்கூலி 1,200 ரூபா. எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 150. எங்களுக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. என் கொப்பியின்படி ஒரு ‘ஆயிரத்துக்கு’ 3 மணி 10 நிமிடம் போகிறது. அதை 150 ஆல் பெருக்கினால் 475 ரூபா. இடையில் முதுகை நிமிர்த்தவும் தண்ணீர் குடிக்கவும் பத்து வீதம் சேர்த்தால் 520 ரூபாவுக்குச் சற்று மேலே. இது பேராசைக் கணக்கு அல்ல. சட்டம் எழுதிய தொகையைக் குச்சியால் பிரித்தேன், அவ்வளவுதான்.

முகவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். “கெட்டிக்காரப் பெண்கள் மணிக்கு எண்ணூறு சுற்றுகிறார்கள்” என்றார். சுற்றுவார்கள்தான், சுற்றும் வேலையை மட்டும் எண்ணினால், அதுவும் காலையில் முதல் ஒரு மணி நேரத்துக்கு. யாரை வைத்து நேரம் பார்ப்பது என்பதில்தான் கூலியின் சூட்சுமம் இருக்கிறது. ஆக வேகமானவளை, வேலையின் ஒரு பகுதிக்கு மட்டும், களைப்பு வருவதற்கு முன்பு அளந்தால் எந்தக் கூலியும் நியாயமாகத் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பல வீடுகளில் எண்ணிக் கட்டுவது பாடசாலைப் பிள்ளைகள். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. என் மகளின் நகக் கண்ணில் கரி ஏறியிருப்பதைப் பார்த்து வகுப்பு ஆசிரியை கேட்டிருக்கிறார். அந்த மூன்று நாட்கள் அவளைத் தொட விடாமல் நானே எண்ணினேன். அதனால்தான் அந்த 3 மணி நேரம் என் கணக்கில் ஏறியது. இல்லாவிட்டால் பிள்ளையின் மாலை நேரம் எந்தக் கணக்கிலும் வராமல் அந்த 160 ரூபாவுக்குள் மறைந்து போயிருக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஆயிரம் குச்சிக்கான கூலியை, சாதாரண வேகமுள்ள ஒரு பெண் குழைப்பதிலிருந்து கட்டுவது வரை எடுக்கும் நேரத்தைப் பார்த்து, நாட்கூலியோடு பொருத்தி, மாவட்டம் முழுவதற்கும் ஒன்றாக நிர்ணயித்து எழுத்தில் தாருங்கள்.

இது சட்டத்துக்குப் புதிது அல்ல. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் நேரக் கூலிக்கு மட்டுமல்லாமல், செய்த அளவுக்கான கூலிக்கும் குறைந்தபட்சத்தை நிர்ணயிக்க இடம் தருகிறது. பீடித் தொழிலுக்குச் சம்பளச் சபை இருக்கிறது. பீடியைச் சுற்றினால் தொழில், ஊதுபத்தியைச் சுற்றினால் பொழுதுபோக்கா?

ஓர் அரச அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பதில், “நீங்கள் சுயதொழில் செய்பவர்கள், உங்கள் சரக்குக்கு நீங்களே விலை பேசலாம்” என்பது. எங்கள் சுயதொழில் எப்படி என்றால், தூள் அவருடையது, ஈர்க்கு அவருடையது, குச்சியின் நீளமும் கனமும் அவர் சொன்னது, வாங்குவதும் அவர் ஒருவர்தான், விலையும் அவர் வாயிலிருந்து வருவது. சுயமாக எங்களிடம் இருப்பது முதுகுவலி ஒன்றே. இந்தச் சுயதொழிலுக்காக எனக்கு மூன்று பயிற்சிச் சான்றிதழ்கள் தந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் குத்துவிளக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், எங்களைத் தொழில் முயற்சியாளர்கள் என்று அழைத்தார்கள். தேநீர் நன்றாக இருந்தது. ஒரு கூட்டத்தில் மட்டும் பயனுள்ள செய்தி ஒன்று காதில் விழுந்தது. சர்வதேச தொழில் அமைப்பு 1996 ஆம் ஆண்டிலேயே வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காக 177 ஆம் இலக்க உடன்படிக்கையையும், அதனோடு ஒரு பரிந்துரையையும் நிறைவேற்றியிருக்கிறதாம். வேலைக்குப் போகும் மின்சாரம், தண்ணீர் போன்ற செலவுகளையும், பிரித்துக் கட்டும் நேரத்தையும் ஈடுசெய்ய வேண்டும் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. இலங்கை அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. அதைச் சொன்னவர் உடனே அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். விடயத்துக்கு வருகிறேன்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே கூலி என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முந்திய வருடம் எங்கள் ஊரில் பதினொரு பேர் சேர்ந்து ஆயிரத்துக்கு நாற்பது ரூபா கூட்டிக் கேட்டோம். முகவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரம் வண்டி எங்கள் பக்கம் வரவில்லை, வாவிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊருக்குப் போய்விட்டது. மூன்றாவது வாரம் கடன் தவணைக்காரர் வாசலில் நின்றார். எங்களில் நாலு பேர் பழைய விலைக்கே தூள் வாங்கினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஐந்தாவதாகப் போனவள் நான். ஊருக்கு ஊர் விலை இருக்கும்வரை எங்களை எங்களாலேயே தோற்கடிக்க அவர்களால் முடியும்.

கூலி கூடினால் இயந்திரத்தில் சுற்றிய குச்சியை வெளியிலிருந்து இறக்கிவிடுவோம் என்று சொல்வார்கள். அது வெறும் மிரட்டல் என்று நான் சொல்லவில்லை, சிலர் செய்யவும் கூடும். அதற்காகத்தான் முகவர்களையும் ஒரே மேசையில் இருத்திப் பேசச் சொல்கிறோம். ஒரே அடியில் 520 தர முடியாது என்றால் எத்தனை மாதத்தில் எவ்வளவு என்று படிப்படியாக எழுதுங்கள். ஆனால் கணக்குத் தொடங்கும் இடம் மணி நேரமாக இருக்க வேண்டும், முகவரின் மனமாக இருக்கக் கூடாது. ஆயிரம் என்றால் ஆயிரமாக இருக்கட்டும். கழிப்பதானால் ஒப்படைக்கும் அன்றே எங்கள் முன்னால் கழிக்கட்டும், வண்டி பிந்திய நாளுக்கு எங்களிடம் வெட்டக் கூடாது. கொடுத்த தூள், வாங்கிய குச்சி, தந்த காசு மூன்றும் ஒவ்வொருத்தியிடமும் ஒரு அட்டையில் பதியப்பட வேண்டும். அந்த அட்டை இருந்தால்தான் நாளைக்கு ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கேட்கவும் எங்களிடம் ஒரு தாள் இருக்கும்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். ஆயிரம் குச்சிக்கான கூலியை மணி நேரத்திலிருந்து கணக்கிட்டு வர்த்தமானியில் போடுங்கள். என் கொப்பியில் நம்பிக்கை இல்லை என்றால் உங்கள் உத்தியோகத்தர் ஒருவரைக் கடிகாரத்தோடு அனுப்பி வையுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் காலை ஆறரைக்கு மாவு குழைக்கத் தொடங்குவோம். அதற்கு முன்னர் வந்தால் தண்ணீர் எடுக்கும் நேரத்தையும் அவரே எழுதிக்கொள்ளலாம். இருக்க ஒரு பாய் தருவோம். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், கரி போகாது.

இப்படிக்கு,
படுவான்கரையில் குச்சி சுற்றும் ஒருத்தி
(பெயரை எழுதினால் வியாழக்கிழமை வண்டி என் வாசலில் நிற்காது)