செவ்வாய்க்கிழமை மாத்திரையை எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

கிளினிக்கின் இணையப் பக்கத்தில் மருந்தாளுநர் என்று உன்னைப் பற்றிப் போடுவதற்காக நீ எழுதி அனுப்பிய அறிமுகக் குறிப்பைப் படித்தேன். தமிழ் நன்றாக இருக்கிறது, எழுத்துப்பிழை இல்லை. ஆனால் "கனிவான ஆலோசனை, நோயாளியின் பாதுகாப்பில் முழு அக்கறை, பிழையற்ற சேவை" என்கிற வரியில் உன் பெயரை எடுத்துவிட்டு உன் கூட வேலை பார்க்கிற யார் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

முதலில் படிப்பு. நீ எம்.பி.ஏ. சான்றிதழ் படிப்பு, இரண்டு நாள் பயிலரங்கம் எல்லாவற்றையும் மேலே அடுக்கியிருக்கிறாய். பதிவு எண்ணைக் காணவே காணோம். 1948ஆம் வருடத்து மருந்தியல் சட்டப்படி மருந்துச் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்குத்தான். அதனால் முதல் வரியில் உன் பார்மசி பட்டமான பார்ம்.டி. என்றும், அடுத்ததாகத் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு என்றும் எண்ணோடு போடு. 2015இல் வந்த பார்மசி நடைமுறை விதிகள் வேலை நேரத்தில் பெயரும் பதிவு எண்ணும் தெரிகிற பேட்ஜ் போடச் சொல்கின்றன. கோட்டில் குத்திக்கொள்கிற எண்ணைப் பக்கத்தில் போட என்ன தயக்கம்?

இன்டர்ன்ஷிப்பை ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். பார்ம்.டி. ஆறாம் வருடத்தில் ஆறு மாதம் பொது மருத்துவ வார்டிலும், அப்புறம் மூன்று வேறு துறைகளில் இரண்டிரண்டு மாதமும் இருந்தாய் அல்லவா? எந்தத் துறைகள் என்று எழுது. டி.பார்ம். டிப்ளமா படித்த என் காலத்துப் பிள்ளைகளுக்கு வார்டுக்குள் நின்று டாக்டரோடு சீட்டைப் பார்க்கும் வாய்ப்பு இவ்வளவு கிடையாது. உன் படிப்பில் உண்மையிலேயே வித்தியாசமான பகுதி இதுதான், அதைப் போய் ஒளித்து வைத்திருக்கிறாய்.

இனி ஆலோசனை. இதற்குத்தான் நான் நிறைய எழுதப் போகிறேன். போன மழைக்காலத்தில் நீ எனக்குச் சொன்ன அந்தப் பாட்டியை எழுது. நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். வாய்ப்புண்ணுக்குத் தடவ ஜெல் கேட்டு வந்தவர். சீட்டு எதுவும் இல்லை. ஜெல்லை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. நீ "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க பாட்டி" என்று கேட்டாய். பையிலிருந்து பிரஷர் மாத்திரையோடு மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம் அட்டையும் வந்தது. முடக்குவாதத்துக்குக் கொடுத்தது. "இதை எப்படிச் சாப்பிடுறீங்க" என்றதற்கு "தினம் காலையில் பிரஷர் மாத்திரையோட ஒண்ணு" என்றார். அட்டையில் எட்டு மாத்திரை காலி.

அது வாரத்துக்கு ஒன்று சாப்பிட வேண்டிய மாத்திரை. டாக்டர் சீட்டில் சரியாகத்தான் எழுதியிருந்தார். மருந்து கொடுத்த இடத்தில் பத்து மாத்திரை அட்டையை முழுசாகக் கொடுத்து, "காலையில ஒண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எந்த இடம் என்பது நமக்கு வேண்டாம். ஆனால் தப்பு எப்படி முளைத்தது என்று பார். நாலு வாரத்துக்குத் தேவை நாலே மாத்திரை. பத்தைக் கையில் கொடுத்தால், தினமும் மாத்திரை போட்டுப் பழகிய கை அதைப் பத்து நாள் மருந்து என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

நீ ஜெல்லை விற்காமல் வாய்ப்புண்ணையே அடையாளமாகப் பார்த்தாய். மெத்தோட்ரெக்சேட் உடம்பில் ஃபோலேட் என்கிற வைட்டமின் வேலை செய்வதைத் தடுக்கிறது. அதனால் வேகமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் அடிபடும். வாயின் உள்தோல் ஒன்று, எலும்பு மஜ்ஜை இன்னொன்று. வாயில் புண் வந்திருக்கிறது என்றால் உள்ளே வெள்ளணுக்களும் குறையத் தொடங்கியிருக்கலாம். காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கட்டு, மூச்சு வாங்குவது எல்லாம் அடுத்து வரக்கூடியவை. சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு மருந்து உடம்பிலேயே தங்கிவிடுவதால் இன்னும் மோசம். நீ மாத்திரையை அப்போதே நிறுத்தச் சொல்லி, சீட்டு எழுதிய டாக்டரைப் போனில் பிடித்து, "எட்டு நாளாகத் தினம் 7.5, வாயில் புண் இருக்கிறது" என்று சொன்னாய். அன்றே ரத்தப் பரிசோதனை, வெள்ளணு குறைவு, ஆஸ்பத்திரியில் சேர்த்து, மெத்தோட்ரெக்சேட்டின் பாதிப்பை முறிக்கும் லியூகோவோரின் கொடுத்தார்கள். பாட்டி தப்பினார்.

இதைப் பக்கத்தில் எப்படி எழுதுவது? நான் எழுதிப் பார்த்தேன், நீ திருத்திக்கொள்:

"வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மாத்திரையைத் தினமும் சாப்பிட்டு, வாய்ப்புண்ணோடு வந்தவரிடம் வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டதில் தவறு தெரியவந்தது. மருத்துவரிடம் உடனே தெரிவித்தேன், அன்றே சிகிச்சை தொடங்கியது. அதிலிருந்து எங்கள் கவுன்டரில் இந்த மாத்திரையை நாலு வாரத்துக்கு நாலு என்று எண்ணித்தான் கொடுக்கிறோம். கவரில் கிழமையின் பெயரை எழுதுகிறோம்."

வயது, ஊர், டாக்டர் பெயர், மாதம் எதுவும் வராமல் பார்த்துக்கொள். அந்தப் பக்கத்தை அவர் வீட்டுக்காரர்களே படித்தாலும் இது நம் வீட்டுக் கதை என்று மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. கிளினிக் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. "உயிரைக் காப்பாற்றினேன்" என்று எழுதாதே. காப்பாற்றியது சிகிச்சை. நீ செய்தது கேட்டது, கண்டுபிடித்தது, போன் போட்டது. அதுவே பெரிய வேலைதான்.

கவரில் கிழமை எழுதும் பழக்கத்தைப் பற்றி இன்னும் ஒரு வரி சேர்க்கலாம். "வாரம் ஒருமுறை" என்று எழுதினால் மறந்துபோகும், "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்றால் நிற்கும். கூடவே கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராமும் பல கம்பெனிகளில் இதே போலச் சின்ன மஞ்சள் மாத்திரை. இரண்டையும் ஒரே கவரில் போட்டால் இடம் மாறிப் போவது நிச்சயம். தனிக் கவர், தனிக் கிழமை. வேறு டாக்டரிடம் போனால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லச் சொல்கிறாயே, அதையும் எழுது. சிறுநீர்த் தொற்று என்று கோட்ரைமாக்சசோல் என்கிற ஆன்டிபயாட்டிக்கை எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து மஜ்ஜையைப் படுத்திவிடும்.

அப்புறம் நீ கேட்கும் அந்தக் கேள்வி. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் ஊரில் எல்லோரும் தலையாட்டுவார்கள். கவுன்டரில் பின்னால் வரிசை நின்றால் இன்னும் வேகமாக ஆட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்று நீ கேட்கிறாய். பதிலில் "தினம்" என்ற சொல் வந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். "ஆலோசனைத் திறன்" என்று எழுதிய இடத்தில் இந்த ஒரு கேள்வியைப் போடு. படிக்கிறவர் உன் கவுன்டருக்கு வந்தால் என்ன நடக்கும் என்று அதிலேயே தெரிந்துகொள்வார்.

"பிழையற்ற சேவை" என்பதைக் கட்டாயம் எடுத்துவிடு. எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே கோபம் வருகிறது. தப்பே நடக்கவில்லை என்று சொல்கிற மருந்தகத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். நீங்கள் வைத்திருக்கிறீர்களே, நோயாளி கைக்குப் போகும் முன் பிடிபட்ட தப்புகளை எழுதும் நோட்டு, அதைச் சொல். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் தொற்றுக்கான மெட்ரோனிடசோலும் பெயரில் ஒட்டி வருவதால் எடுக்கும்போது மாறியதை எழுதி வைத்து, அதைப் பார்த்துத்தானே இரண்டையும் வேறு வேறு ரேக்குக்கு மாற்றினீர்கள்? "பாதுகாப்பில் அக்கறை" என்ற சொல்லைவிட அந்த ரேக் மாற்றம் அதிகம் பேசும். நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது எக்ஸ்பைரியும் பேட்ச் எண்ணும் இருக்கிற முனையைக் கடைசி வரை வைத்திருப்பதும், வெட்டிய துண்டின் கவரில் அந்தத் தேதியை எழுதித் தருவதும் சின்ன விஷயம்தான். ஆனால் வீட்டில் டப்பாவைத் திறந்து "இது நல்லதா பழசா" என்று முழிக்கிறவர்களுக்கு அதுதான் தெரிய வேண்டும்.

உன் எல்லையையும் ஒரு வரி எழுது. "தேவைக்கேற்ப மருந்தின் அளவைச் சரிசெய்து தருவேன்" என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறாய். அது உன் வேலை இல்லை. அளவை மாற்றுவது டாக்டர். சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதில் வேறொன்றைக் கொடுப்பதையே மருந்து விதிகள் தடுக்கின்றன. "சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேட்டு உறுதி செய்த பிறகே கொடுப்பேன்" என்று மாற்று. பக்கவிளைவைப் பற்றிச் சொல்ல வருகிறவர்களுக்கு இந்தியப் பார்மகோவிஜிலன்ஸ் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024ஐயும் கீழே கொடுக்கலாம். படிவம் நிரப்ப நீ உதவுவாய் என்றும் சேர்.

கடைசியில் நீ எந்தக் கிழமைகளில், எத்தனை மணி முதல் இருப்பாய், எந்த மொழிகளில் பேசுவாய் என்று போடு. தெலுங்கு பேச வரும் என்பதை நீயே மறந்துவிட்டாய். படத்தை மாற்று. கல்யாண வீட்டுப் படத்தை வெட்டிப் போட்டிருக்கிறாய், தோளில் பெரியம்மாவின் கை தெரிகிறது. வெள்ளைக் கோட் போட்டு, பேட்ஜில் எண் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து அனுப்பு. திருத்திய குறிப்பை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் அப்பாவும் பார்த்துவிடுவார், அவருக்கு எதுவும் புரியாத இடத்தைச் சரியாகக் காட்டுவார்.

அன்புடன்,
அம்மா