சீட்டை நாலாவது மாசமே எடுக்கலாமா என்று கேட்ட மகளுக்கு

கண்ணு மலருக்கு,

நீ அனுப்பிய கணக்கை ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். பள்ளி யூனிஃபார்ம் ஆர்டருக்குத் துணி எடுக்க சித்திரையில் 3 லட்சம் வேண்டும், பள்ளிக்கூடங்கள் ஜூலை, ஆகஸ்டில்தான் பணம் தரும், அதனால் நாலாவது மாசமே ஏலத்தில் தள்ளி சீட்டை எடுத்துவிடலாம், வட்டி வருஷத்துக்கு 13 சதவீதம்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை. ஆனால் 13 என்ற அந்த எண் சரியில்லை, அதை நம்பி நீ ஏலத்தில் உட்காரக் கூடாது என்பதால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

உன் சீட்டு 5 லட்சம், 20 பேர், 20 மாசம், மாசம் 25,000. முதல் மாசம் கம்பெனி சீட்டு, கழிவு கிடையாது, முழுசாகக் கட்டினாய். இரண்டாவது மாசத்திலிருந்து 30 சதவீதம் தள்ளிப் போகிறது, அதாவது ஒன்றரை லட்சம் விட்டுக்கொடுத்து மூன்றரை லட்சத்துக்கு எடுக்கிறார்கள். அந்த ஒன்றரை லட்சத்தில் கம்பெனி கமிஷன் 25,000 போக மீதியை 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 6,250 கழிவு, அதனால் நீ கட்டுவது 18,750. எட்டாவது மாசம் வரை இதே தள்ளு, அப்புறம் பதினாலு வரை 20 சதவீதம், பிறகு பத்தொன்பது வரை 10, கடைசி மாசம் கமிஷன் மட்டும் என்று நீயே போட்டிருக்கிறாய். ஏறக்குறைய அப்படித்தான் போகும், ஆரம்பத்தில் தேவை உள்ளவர்கள் அதிகம், பின்னால் குறைந்துவிடும். அந்தக் கணக்குப்படி 20 மாசத்தில் நீ கட்டுவது மொத்தம் 4,27,500, வாங்குவது 3,50,000, செலவு 77,500. இதை மூன்றரை லட்சத்தால் வகுத்து 20 மாசத்தை ஒரு வருஷமாக்கி 13 என்று போட்டிருக்கிறாய்.

அப்படி வகுப்பதென்றால் மூன்றரை லட்சமும் 20 மாசமும் உன் கையில் இருந்திருக்க வேண்டும். இருக்காது. நாலாவது மாசம் எடுக்கும்போதே மூன்று தவணை கட்டியிருப்பாய், 62,500, அது உன் சொந்தப் பணம். அன்றைக்கே நாலாவது தவணை 18,750 பிடித்துக்கொள்வார்கள். அவற்றைக் கழித்தால் உன் கையில் இருக்கும் அடுத்தவர் பணம் 2,68,750தான். அதுவும் நிற்காது, மாசாமாசம் கரையும். பத்தாவது மாசம் பார்த்தால் ஒன்றரை லட்சம்தான் மிச்சம். பதினேழாவது தவணை கட்டும்போது எடுத்ததைவிட அதிகமாகவே கட்டி முடித்திருப்பாய், அதற்கு மேலும் மூன்று தவணை கிடக்கும். முதலை விடாமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, முழு முதலுக்கும் முழு காலத்துக்கும் வட்டி கணக்குப் போட்டால் வட்டி குறைவாகத் தெரியத்தான் செய்யும்.

சரியான எண்ணை நீயே எடுக்கலாம். எக்ஸெலில் B பத்தியில் மாசம் ஒரு வரியாக, கட்டுவதை மைனஸிலும் வாங்குவதை ப்ளஸிலும் போடு. முதல் வரி -25000, அடுத்த இரண்டும் -18750, நாலாவது வரி 331250 (வாங்கியதில் அன்றைய தவணை போக), அப்புறம் கட்டுவதெல்லாம் மைனஸ். கடைசியில் இதை அடி:

```
=IRR(B1:B20,0.02)*12
```

அந்த 0.02 இருக்கட்டும். முதலில் மைனஸ், நடுவில் ப்ளஸ், மறுபடி மைனஸ் என்று வருவதால் எங்கிருந்து தேடுவது என்று அதற்குச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் சில சமயம் சம்பந்தமில்லாத விடை வரலாம். சதவீதமாக மாற்றிப் பார், 38 வரும். மாசத்துக்கு மூன்று ரூபாய் வட்டிக்கும் மேலே, கண்ணு. கந்து வட்டிக்காரரிடம் போகமாட்டேன் என்கிற நீ இந்த வட்டிக்கு ஏலத்தில் கை தூக்கப் போகிறாய்.

சீட்டே கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதே சீட்டைக் கடைசி வரை எடுக்காமல் விட்டால் 4,27,500 கட்டி 4,75,000 வாங்குவாய், அது வருஷத்துக்குச் சுமார் 13, 14 சதவீதம். சேமிப்புக்கு நல்லது, அவசரப்படுகிறவர் தருவதில்தான் காத்திருக்கிறவருக்கு வருகிறது. 1982ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டம் தள்ளுக்கு 40 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம், ஆகவே அடுத்த சீட்டு சேரும்போது ஒப்பந்தத்தில் கமிஷன் எவ்வளவு, பதிவு எண் என்ன என்று பார்த்துக் கையெழுத்துப் போடு. எடுத்த பிறகு ஜாமீனுக்கு ஆள் தேடும் அலைச்சலும் உண்டு. நீ சீட்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், துணிக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கை காலியாக இருக்கும் மே, ஜூனில்கூட 18,750 கட்டியாக வேண்டும், பள்ளிக்கூடம் பணம் தரும் வரை சீட்டு காத்திருக்காது.

இப்போது ஓடி, அதாவது வங்கி ஓவர்டிராஃப்ட். வங்கியில் 5 லட்சம் லிமிட்டுக்கு 11 சதவீதம் சொன்னார்கள், எடுத்த தொகைக்கு எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி, அதனால் அதுதான் மலிவு என்று உன் வீட்டுக்காரர் சொல்வதாக எழுதியிருந்தாய். பாதி சரி. உனக்கு வேண்டியது என்ன? இரண்டு மாசம் 3 லட்சம், பள்ளிகள் தர ஆரம்பித்ததும் ஒரு மாசம் 2 லட்சம், இன்னொரு மாசம் 1 லட்சம், அப்புறம் ஒன்றும் வேண்டாம். வட்டி 8,250 ஆகும். ஆனால் பிராசஸிங், அதற்கு ஜிஎஸ்டி, டாக்குமெண்ட், சரக்கு இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 8,000 என்று அவர்கள் கொடுத்த தாளில் இருக்கிறதே, அது எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போகும். ஆக மொத்தம் 16,250. உன் கையில் இருந்த பணத்தை வருஷம் முழுக்கப் பரப்பினால் சராசரி 75,000தான் வருகிறது, அதற்கு 16,250 என்றால் 21 சதவீதத்துக்கும் மேல். 11 என்று சொன்னது இப்படி ஆகிறது. அதே லிமிட்டில் வருஷம் பூரா 3 லட்சம் சுழன்றால் வட்டி 33,000, செலவு 8,000, சுமார் பதின்மூன்றரை சதவீதம்தான். பிற்பாடு ஆஸ்பத்திரி, ஹோட்டல் யூனிஃபார்ம் என்று எல்லா மாசமும் வேலை வந்தால் ஓடி நியாயமாகும், இப்போதைக்கு இல்லை. அப்போது போகும்போது சிறு தொழிலுக்கான உத்யம் பதிவோடு போ, சிறு தொழிலுக்கு 5 லட்சம் மாதிரி சின்ன லிமிட்டுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடாதே.

நகைக் கடன்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது, சொசைட்டி கவுண்டரில் எத்தனையோ பேர் வைத்ததையும் மீட்டதையும் மீட்க முடியாமல் போனதையும் பார்த்தவள். வங்கியில் ஒன்பதரை சதவீதம், மதிப்பீட்டுக் கூலியும் மற்றதும் சேர்த்து 1,500 என்று வை. இடையில் பணம் வரும்போதெல்லாம் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தால், அதே நாலு மாசத்துக்கு வட்டி 7,125, மொத்தம் 8,625. அதே 75,000 சராசரிக்கு பதினொன்றரை சதவீதம். இதுதான் உனக்கு. வைப்பதற்கு முன்னால் இடையில் பகுதி கட்டலாமா, கட்டினால் அன்றிலிருந்து வட்டி குறையுமா என்று மட்டும் கேட்டுக்கொள், சில இடங்களில் மொத்தமாகக் கட்டித்தான் மீட்கவேண்டும் என்பார்கள், அப்படியானால் 3 லட்சத்துக்கும் நாலு மாச வட்டி 9,500 ஓடும்.

தனியார் அடகுக் கம்பெனிக்கு நீ போகவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், போர்டில் ஒரு ரூபாய் வட்டி என்று இருந்தாலும் பல இடங்களில் அது மாசாமாசம் தேதி தவறாமல் வட்டி கட்டுகிறவருக்கு மட்டும்தான். இரண்டு மூன்று மாசம் விட்டால் மேல் விகிதத்துக்குப் போய்விடும், அதுவும் முதல் நாளிலிருந்தே போடுகிற கம்பெனிகள் உண்டு. இரண்டு ரூபாய் என்று ஆகிவிட்டால் 3 லட்சத்துக்கு நாலு மாசத்தில் 24,000. உன் பணம் வருவதே ஜூலையில், உன்னால் மாசாமாசம் கட்டமுடியாது என்பது எனக்குத் தெரியும். அவசரத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ரசீதில் எத்தனை நாளுக்கு என்ன விகிதம் என்ற கட்டத்தைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணு.

எடுத்து வரும் நகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து எடை போடும்போது கல், அரக்கு, உள்ளே இருக்கும் நூல் எல்லாவற்றையும் கழித்துவிடுவார், செய்கூலி சேதாரத்துக்கு ஒரு பைசா கிடையாது, மீதியின் மதிப்பிலும் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் முன்பின்தான் கடன். அதனால் கல் வைத்த ஆரத்தை எடுக்காதே, வளையலும் கட்டிச் செயினும் எடு. தேவைக்கு மேலே எடை வைக்கவும் வேண்டாம். நல்லவேளையாக உன் கல்யாண வளையல் பீரோவில் சும்மாதான் இருக்கிறது, போதாவிட்டால் என்னுடைய இரட்டை வடச் செயினைத் தருகிறேன், உன் பேரிலேயே வை.

எனக்கு ஒரே பயம், ஆகஸ்டில் பணம் வந்ததும் புது மெஷினுக்குப் போய்விடுவாய். அப்போது வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாம் என்று கவுண்டரில் சொல்வார்கள், அப்படித் திருப்பி வைத்தவர்களில் நிறையப் பேர் மறு வருஷமும் அதே ரசீதோடு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன், ஏல நோட்டீஸ் வந்த பிறகு ஓடி வந்தவர்களும் உண்டு. பள்ளிக்கூடங்கள் தரும் செக் எந்தக் கணக்கில் விழுகிறதோ அதே கிளையில் நகையை வை, விழுந்த அன்றைக்கே கட்டிவிடலாம். மெஷினுக்கு வேறு கடன் பார்ப்போம், அது வருஷக்கணக்கில் உழைக்கிற பொருள், அதற்கு இந்தப் பணம் கூடாது.

சீட்டுத் தவணையை மட்டும் நிறுத்தாதே, ஏலத்துக்குப் போய் உட்காரவும் வேண்டாம், கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்தால் நகையை எடுத்து எடை பார்த்துவிடலாம். வரும்போது வங்கியில் தந்த அந்தத் தாளையும் கொண்டுவா, இன்சூரன்ஸ் வரியில் ஏதோ இரண்டு தடவை போட்டமாதிரி இருக்கிறது.

அம்மா