தக்காளி வரத்துக்கு வட்டி என்ன செய்யும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கிலிருந்து உணவுப் பொருள்களை நீக்கலாமா என்று கேட்கும் கட்டுரையைப் படித்தேன். இலக்கையே பெயரளவு வருமான இலக்காக மாற்றும் வழி ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2023 ஜூலையில் எங்கள் தெருக் கடையில் தக்காளிக் கூடை பாதிகூட நிரம்பவில்லை. கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதும் கால் கிலோ வாங்கியவர்கள்தான் அதிகம். அந்த மாதம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். சட்டப்படி இலக்கு 4, மேல் எல்லை 6. வட்டியை ஏற்றினால் தக்காளி வரத்து கூடிவிடாது. ரிசர்வ் வங்கி பொறுமையாக, வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலேயே வைத்திருந்தது. ஆனால் அந்தப் பொறுமை அதிகாரிகளின் நிதானத்தால் வந்தது. இலக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

பெயரளவு வருமான இலக்கு என்பது விலையை மட்டும் பார்க்காது. உற்பத்தி வளர்ச்சி, விலை உயர்வு இரண்டும் சேர்ந்த மொத்தப் பண வருமானத்தைப் பார்க்கும். பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் 1970களிலேயே இதை முன்வைத்தார். இலக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆண்டில் உற்பத்தி 6, விலை 4. மழை பொய்த்தால் உற்பத்தி 3, விலை 7 ஆகலாம். கூட்டினால் அதே 10. வட்டியைத் தொட வேண்டாம். உற்பத்தி 8, விலை 7 என்றால் கூட்டுத்தொகை 15. அப்போது மக்கள் கையில் பணம் அதிகமாகப் புழங்குகிறது, வட்டியை ஏற்ற வேண்டும். இரண்டு ஆண்டுகளிலும் பணவீக்கம் 7தான். அந்த ஒரு எண்ணால் வித்தியாசம் தெரியாது.

இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததற்கு ஐரோப்பா விலை கொடுத்தது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் 140 டாலரைத் தாண்டியிருந்தது, யூரோ நாடுகளில் பணவீக்கம் 4 சதவீதம். ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை 4-லிருந்து 4.25 ஆக்கியது. ஆனால் அங்கே உற்பத்தி ஏற்கெனவே சுருங்கத் தொடங்கிவிட்டது. மொத்த வருமானத்தின் வேகமும் குறைந்துகொண்டிருந்தது. இறக்குமதி எண்ணெயின் விலை நுகர்வோர் குறியீட்டில் ஏறுமே தவிர, உள்நாட்டு வருமானத்தில் சேராது. அதைப் பார்த்திருந்தால் வட்டியை ஏற்றத் தோன்றியிருக்காது. அக்டோபரில் அவர்களே குறைக்கத் தொடங்கி, 2009 மே மாதத்தில் 1 சதவீதத்துக்கு இறங்கினார்கள்.

சரி, நாளைக்கே இங்கே கொண்டுவரலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. 2023-24-ல் பெயரளவு ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்தப் பண வருமானம், 9.6 சதவீதம் வளர்ந்ததாக 2024 மே மாதத்தில் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் அதுவே 12 ஆகத் திருத்தப்பட்டது. 10 சதவீத இலக்கு இருந்திருந்தால், முதல் எண் சும்மா இருக்கச் சொல்லும், இரண்டாவது வட்டியை ஏற்றச் சொல்லும்.

அதனால் இப்போதைக்கு என் கோரிக்கை சின்னது. வட்டியை முடிவு செய்யும் ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு பணவீக்கத்துக்கும் உற்பத்தி வளர்ச்சிக்கும் தனித்தனியாகக் கணிப்பு தருகிறது. அவற்றோடு பெயரளவு வருமானக் கணிப்பையும் சேர்த்து வெளியிடட்டும். அடுத்த முறை வெங்காயமோ தக்காளியோ விலை ஏறும்போது, வரத்து குறைந்ததா, பணம் பெருகியதா என்று நாமும் பார்த்துக் கேட்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை