டிவி மெனு தமிழில், தேடலும் தமிழில்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

நம் கடையில் ஸ்மார்ட் டிவி வாங்கிப் போன பலர் ஒரு வாரத்துக்குள் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மொழியைத் தமிழுக்கு மாத்திட்டேன், ஆனா தேடப் போனா இங்கிலீஷ் எழுத்துதான் வருது. டிவியில கோளாறா?" என்கிறார்கள். கோளாறு எதுவும் இல்லை. மெனு மொழி ஒரு இடத்தில் இருக்கிறது, எழுதும் கீபோர்டு வேறொரு இடத்தில் இருக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறிவிடும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் போனில் சொல்லிப் புரியவைப்பது கடினமாக இருப்பதால் இந்த மடலில் எழுதுகிறோம். நாங்கள் அதிகம் விற்பது ஆண்ட்ராய்டு டிவியும் கூகுள் டிவியும்தான். அதனால் அவற்றுக்கான வழியையே சொல்கிறோம்.

முதலில் மெனு. ஆண்ட்ராய்டில் தமிழ் 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதனால் இப்போது வாங்கும் டிவியில் தமிழுக்காகத் தனியாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை. முகப்புத் திரையின் மேல் வரிசையில் பல்சக்கரம் போன்ற படம் தெரியும். சில டிவிகளில் உங்கள் கணக்குப் படத்தை அழுத்தினால்தான் அது வரும். அதற்குள் Settings, பிறகு System, பிறகு Language என்று போங்கள். பழைய ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் System என்பதற்குப் பதில் Device Preferences என்று இருக்கும். மொழிப் பட்டியல் நீளமானது. ஆங்கில எழுத்தில் எழுதும் மொழிகள் எல்லாம் முடிந்து, கீழே இந்திய மொழிகள் அவற்றின் சொந்த எழுத்தில் வரும். அங்கே "தமிழ்" என்றே எழுதியிருக்கும். Tamil என்று தேடிக்கொண்டு மேலேயே நின்றுவிடாதீர்கள்.

அழுத்துவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு திரையையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திரையில் மேலிருந்து எத்தனையாவது வரியை அழுத்தினீர்கள் என்பது அந்தப் படத்தில் தெரிய வேண்டும். எங்கள் கடைப் பையன் ஒருவன் வாடிக்கையாளர் வீட்டில் தமிழுக்கு அடுத்த வரியை அழுத்திவிட்டான். டிவி முழுக்கத் தெலுங்கில் நின்றது, வீட்டில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. மொழி மாறினாலும் பல்சக்கரம் மாறாது, வரிகளின் வரிசையும் பெரும்பாலும் மாறாது. கையில் இருந்த படத்தைப் பார்த்து, எத்தனையாவது வரி என்று எண்ணியபடி இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தோம். படம் இல்லாமல் போயிருந்தால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

மெனு மாறியதும் Settings என்பது "அமைப்புகள்" ஆகிவிடும், Language என்பது "மொழி" ஆகிவிடும். ஆனால் எல்லாமே தமிழாகிவிடாது. ஆப்களின் பெயர்கள் அப்படியே இருக்கும். சில ஆப்கள் டிவியின் மொழியைப் பின்பற்றும், சிலவற்றுக்கு உள்ளேயே தனி மொழித் தேர்வு இருக்கும். கேபிள் அல்லது டிடிஎச் பெட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியின் சேனல் பட்டியலும் அதன் மெனுவும் அந்தப் பெட்டிக்குச் சொந்தமானவை, அவற்றை டிவியின் மொழி தொடாது. பெட்டியின் ரிமோட்டை அழுத்தினால் வருவது எது, டிவி ரிமோட்டை அழுத்தினால் வருவது எது என்று பிரித்துப் பார்த்தாலே இது தெளிவாகிவிடும். "மாத்தியும் மாறல" என்று வரும் புகார்களில் கணிசமானவை இதனால்தான் வருகின்றன.

அப்புறம் கீபோர்டு. அதே System பகுதியில் Keyboard என்று ஒரு வரி இருக்கும், தமிழாக்கிய பின் "கீபோர்டு" என்று வரும். உள்ளே போனால் இப்போது எந்தக் கீபோர்டு இயங்குகிறது என்பதும் அதற்கான அமைப்புகளும் தெரியும். பெரும்பாலான டிவிகளில் அது Gboard ஆக இருக்கும். அதன் அமைப்புகளில் மொழிகள் பகுதியைத் திறந்து, பட்டியலில் தமிழ் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை நீக்க வேண்டாம். வைஃபை பாஸ்வேர்டும் மின்னஞ்சல் முகவரியும் அடிக்க அது வேண்டும். இரண்டு மொழிகள் சேர்ந்ததும் கீபோர்டில் பூகோள உருண்டை படம் போட்ட விசை வரும். அதை அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும்.

இதைச் செய்தும் சில ஆப்களில் தமிழ் எழுத்து வராது. காரணம், சில ஆப்கள் டிவியின் கீபோர்டைக் கூப்பிடுவதே இல்லை. தாங்களே ஒரு எழுத்துக் கட்டத்தை வரைந்து வைத்திருக்கின்றன. யூடியூப் அப்படித்தான், நெட்ஃபிளிக்ஸும் அப்படித்தான். கண்டுபிடிப்பது எளிது. பிளே ஸ்டோரில் தேடப் போனால் வரும் கீபோர்டையும் யூடியூபில் தேடப் போனால் வரும் எழுத்துக் கட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிறமும் அமைப்பும் வேறாக இருந்தால் இரண்டாவது அந்த ஆப்பின் சொந்தக் கீபோர்டு. டிவி அமைப்புகளில் நீங்கள் சேர்த்த தமிழ் அங்கே போய்ச் சேராது.

இதற்கு நாங்கள் எல்லோருக்கும் பரிந்துரைப்பது கைபேசி வழி. தினமும் தமிழில் தேடுபவர்கள் டிவியில் தமிழ்க் கீபோர்டு கிடைத்தாலும் கைபேசியிலேயே எழுதுவது நல்லது என்பது எங்கள் கருத்து. ரிமோட்டின் அம்புக்குறிகளால் ஒவ்வொரு விசையாக நகர்ந்து எழுதுவதில் தமிழுக்கு ஆகும் நேரம் அதிகம். "தெருக்கூத்து" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்துகள். ஆனால் த, அதற்கு ஒற்றைக் கொம்பு, ர, உகரக் குறி, க, புள்ளி, க, ஊகாரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி என்று பன்னிரண்டு முறை அழுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து கட்டங்கள் நகர வேண்டியிருந்தால் எண்ணிக்கை எங்கே போகும் என்று பாருங்கள்.

கைபேசியில் முதலில் தமிழைச் சேர்க்க வேண்டும். Gboard அமைப்புகளில் Languages, பிறகு Add keyboard, பிறகு தமிழ். அங்கே இரண்டு வகை உண்டு. ஒன்றில் தமிழ் எழுத்துகளே விசைகளாக இருக்கும். மற்றொன்று abc → தமிழ் வகை. அதில் therukkoothu என்று அடித்தால் மேலே தமிழ்ச் சொற்கள் வரும், சரியானதைத் தொட்டால் போதும். ழகரத்துக்கு zha என்று அடிக்கலாம். வந்த சொல்லை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் தேடுங்கள். லகர, ளகர, ழகரத்தில் அது தவறுவது உண்டு.

பிறகு யூடியூபுக்கு: கைபேசியின் யூடியூப் ஆப்பில் மேலே திரையும் அலைகளும் கொண்ட படம் இருக்கும். அதைத் தொட்டு உங்கள் டிவியைத் தேர்ந்தெடுங்கள். இனி கைபேசியில் தமிழில் தேடி எதைத் தொட்டாலும் அது டிவியில் ஓடும். மற்ற ஆப்களுக்கு, கைபேசியில் Google TV ஆப்பை நிறுவி அதிலுள்ள ரிமோட்டைத் திறந்தால் டிவித் திரையில் ஒரு குறியீடு தோன்றும். அதைக் கைபேசியில் அடித்தால் இணைப்பு முடிந்தது. டிவியில் தேடல் பெட்டி திறந்திருக்கும்போது அந்த ரிமோட்டில் உள்ள கீபோர்டு படத்தைத் தொட்டு எழுதலாம். பெட்டி சில ஆப்களின் சொந்தக் கட்டமாக இருந்தால் எழுத்து போய்ச் சேராமலும் இருக்கலாம். அப்போது அந்த ஆப்பைக் கைபேசியிலேயே திறந்து தேடிக்கொள்ளுங்கள்.

டிவியின் பெயர் கைபேசியில் வரவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது வைஃபை. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கைபேசி மொபைல் டேட்டாவில் இருந்தாலோ, விருந்தினர் வைஃபையில் இருந்தாலோ டிவி கண்ணில் படாது. எங்களிடம் வரும் இணைப்புப் புகார்களில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கடைசியாக, எழுத்து எழுதும் முறையைப் பற்றி. அலுவலகத்தில் முப்பது வருடம் தமிழ்த் தட்டச்சு செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் போன மாதம் கைபேசியோடு கடைக்கு வந்தார். "தெருக்கூத்துன்னு அடிக்கிறேன், புள்ளி வட்டம் ஒண்ணு வருது, தேடினா எதுவும் கிடைக்கல" என்றார். அடித்துக் காட்டச் சொன்னோம். தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கை முதலில் ஒற்றைக் கொம்பை அழுத்தியது, பிறகு த. கைபேசியிலும் டிவியிலும் எழுதும் வரிசை வேறு. முதலில் மெய்யை அழுத்த வேண்டும், அதன் பிறகு கொம்பு. கொம்பு தானாகவே எழுத்துக்கு இடப்பக்கம் போய் உட்காரும். கொம்பு முந்திவிட்டால் அதற்கு எழுத்து கிடைக்காமல் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டம் வந்தாலே வரிசை தப்பிவிட்டது என்று பொருள். அவருக்கு த, பிறகு கொம்பு என்று ஒருமுறை காட்டியதும் அடுத்த சொல்லிலேயே கை திருந்திவிட்டது.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத தவறும் உண்டு. "கௌரி" என்று எழுதும்போது சிலர் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தை அடித்துவிடுவார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் "கெளரி" என்பது கணினிக்கு வேறு எழுத்துகள், தேடல் முடிவும் வேறாகலாம். ஔகாரக் குறி தனி விசையில் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். சொல் சரியாகத் தெரிந்தும் முடிவு வராவிட்டால் முழுவதையும் அழித்துவிட்டு ஒருமுறை மீண்டும் எழுதிப் பாருங்கள்.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் கதை வேறு. அந்த டிவி அல்லது ஆப்பில் தமிழ் எழுத்துரு இல்லை. பழைய மாடல்களில் இது வரும், கீபோர்டை மாற்றிப் பயனில்லை. டிவிக்குப் புதிய சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் கைபேசியிலிருந்து அனுப்பிப் பார்ப்பதே வழி.

இவை எதுவும் சரிவராவிட்டால் கடைக்கு வாருங்கள், கட்டணம் எதுவும் இல்லை. டிவியைத் தூக்கி வர வேண்டாம். டிவியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணையும், நீங்கள் சிக்கி நிற்கும் திரையையும் படம் எடுத்து வந்தால் போதும். தேடும் கைபேசியையும் கொண்டு வாருங்கள், அதில் தமிழைச் சேர்த்துத் தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் டிவி கடையினர்