மருந்துக் கடை கவுண்டரில் நிற்பவர்களுக்கு ஒரு பல் மருத்துவரின் மடல்

வணக்கம்.

பல்வலிக்காரர் என்னிடம் வருவதற்கு முன் பெரும்பாலும் உங்களிடம்தான் வருகிறார். ராத்திரி நேரத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு நீங்கள்தான் கதி. அதில் எனக்கு வருத்தமே இல்லை. கன்னம் வீங்கி வருபவரைப் பற்றித்தான் இந்த மடல்.

என்னிடம் வந்த ஒருவரின் கதை இது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு நாள் உயிர் போகிற வலி. மூன்றாம் நாள் சட்டென்று நின்றுவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தார். மறுநாள் தாடையோரம் வீக்கம். கடையில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டார், வீக்கம் வடிந்தது. மூன்று வாரம் கழித்து என் முன்னால் உட்கார்ந்தபோது அவர் வாய்க்குள் ஒரு விரல்தான் நுழைந்தது.

வலி நின்றது குணமானதால் இல்லை, பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதால். மாத்திரை ரத்தம் வழியாகத்தான் போகும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. அதனால் சுற்றியுள்ள சதையில் கிருமி குறையும், வேருக்குள் இருப்பது அப்படியே உட்கார்ந்திருக்கும். வேர் சிகிச்சை செய்தோ பல்லைப் பிடுங்கியோ அந்த இடத்தைச் சுத்தம் செய்து, சீழ் இருந்தால் வடித்துவிட்டால்தான் தீரும்.

சரி, அன்றிரவுக்கு என்ன கொடுப்பது? வேறு நோயில்லாத பெரியவருக்கு பாராசிட்டமால் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளில் எட்டைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அந்த அளவே அதிகம். ஐபுப்ரோஃபென் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை என்று ஏதாவது இருந்தால் வேண்டாம். கன்னத்தின் மேல் குளிர்ந்த துணியைப் பத்து நிமிடம் வைக்கலாம். சூடு ஒத்தடம் வேண்டாம். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். வலியோடு வெந்துபோன வெள்ளைத் திட்டும் சேர்ந்து வருகிறது.

அப்புறம், மாத்திரையை எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வாயில் மூன்று விரல் நுழைகிறதா? எச்சில் விழுங்க முடிகிறதா? நாக்குக்கு அடியில் மேடாக இருக்கிறதா? கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இறங்கினால் நாக்கைத் தூக்கி மூச்சுப் பாதையை அடைத்துவிடலாம். இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும், குரல் மாறினாலும், மூச்சு வாங்கினாலும், வீக்கம் கண்ணைத் தொட்டாலும், காய்ச்சலோடு நடுங்கினாலும் அவரை என்னிடம்கூட அனுப்பாதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

இதெல்லாம் இல்லாத வெறும் வீக்கம் என்றால் மாத்திரை உறையின் மேல் பேனாவால் எழுதிக் கொடுங்கள்: "வலி நின்றாலும் நாளைக்கே பல் டாக்டர்."